மூன்று மாத நோட்டீஸில் பாதியைக் கேட்கும்போது

சென்னையின் ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் வேலையை விடுகிறவர் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும். புதிதாக வேலை தருகிறவர்களோ 30, மிஞ்சினால் 45 நாளில் வந்து சேரச் சொல்வார்கள். இடைப்பட்ட நாட்களை விட்டுத்தரும்படி பழைய நிறுவனத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கிற பலர் தங்கள் அவசரத்தைத்தான் விளக்குகிறார்கள். நல்ல வாய்ப்பு, சம்பளம் கூடுதல், தவறினால் கிடைக்காது என்பார்கள். மேனேஜருக்கு இருக்கும் கவலையோ வேறு. இவர் போன பிறகு மாதக் கடைசி வேலையை யார் பார்ப்பார்கள் என்பதே அது. கோரிக்கை அந்தக் கவலைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் ஒருவருக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருளைக் கவனிப்பவர். ஜூன் 1 அன்று பேப்பர் போடுகிறார். 90 நாள் கணக்குப்படி கடைசி நாள் ஆகஸ்ட் 29. புதிய இடத்தில் ஜூலை 16 அன்று சேர வேண்டும். அதாவது 45 நாள் குறைகிறது.

முதலில் அவர் எடுத்துப் பார்க்க வேண்டியது தன் நியமனக் கடிதத்தை. ‘நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்று மட்டும் இருந்தால் பணம் கட்டி விலகும் வழி திறந்திருக்கிறது. ‘நிறுவனத்தின் விருப்பப்படி’ என்ற சொற்களும் சேர்ந்திருந்தால் பணம் தந்தாலும் அவர்கள் மறுக்கலாம். எந்தச் சம்பளம் என்பதையும் பார்க்க வேண்டும். அவருடைய மொத்தச் சம்பளம் 80,000, அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால், 45 நாளுக்கு ஒரு கணக்கில் 1,20,000 ரூபாய், இன்னொன்றில் 60,000. புதிய நிறுவனம் இதை ஏற்குமா என்பதை ஆஃபரில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. அதன்பின் கேட்டால் ஒப்புக்கொள்வது அரிது.

மின்னஞ்சலுக்கு முன் மேனேஜரிடம் நேரில் பேச வேண்டும். “சார், ஜூலை 15 வரைக்கும் இருக்கேன். அதுக்குள்ள இந்த வேலையைக் கைமாத்திடறதுக்கு ஒரு திட்டம் எழுதியிருக்கேன், பாக்கறீங்களா?” என்று தொடங்கினால் பேச்சு அந்தத் தாளைச் சுற்றியே நடக்கும். வெறும் கையோடு போனால் ‘பார்க்கலாம்மா’ என்பதோடு முடிந்துவிடும்.

தாளில் என்ன இருக்கும்? ‘முழு கே.டி. தருகிறேன்’ என்ற வாக்கியம் போதாது. நம் உதாரணத்தில், முதல் வாரத்தில் அவர் தன் தலையில் மட்டும் இருப்பதை எழுதுகிறார்: எந்த வேலை எந்த இரவில் தானாக ஓடுகிறது, பழுதானால் யாரைக் கூப்பிடுவது, எந்த அனுமதிகள் தன் பெயரில் மட்டும் இருக்கின்றன. இரண்டாம் வாரம் மே மாதத் தரவை வைத்து ஜூனியரோடு ஒரு ஒத்திகை. ஜூன் மாதக் கடைசியில் உண்மையான சம்பள ஓட்டத்தை ஜூனியர் செய்வார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். எனக்கு இதுதான் திட்டத்தின் உயிர்நாடியாகப் படுகிறது. எத்தனை மணி நேரம் விளக்கினாலும், அடுத்தவர் கை வைத்துச் செய்யும்போதுதான் எது விட்டுப்போனது என்று தெரியும். விட்டுப்போனதைச் சரிசெய்ய ஜூலையில் இரண்டு வாரம் மிச்சமிருக்கிறது.

ஜூனியர் என்று ஒருவரே இல்லாவிட்டால் திட்டம் அந்தரத்தில் நிற்கும். ஆகவே, ஆளை எந்தத் தேதிக்குள் ஒதுக்க வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும். வேலையை விட்ட பிறகும் வந்து செய்து தருவதாக வாக்களிக்கக் கூடாது. புதிய நிறுவனத்தின் ஒப்பந்தம் பெரும்பாலும் அதற்கு இடம் தராது.

மேனேஜர் தலையசைத்தால் மட்டும் போதாது. எச்.ஆரிடமிருந்து கடைசி வேலை நாள் ஜூலை 15 என்று எழுத்தில் வர வேண்டும், போர்ட்டலிலும் தேதி மாற வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பிய பிறகும் போர்ட்டலில் ஆகஸ்ட் 29 என்றே இருந்தால், சொல்லாமல் ஓடிப்போனவர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ரிலீவிங் லெட்டரும் கிடைக்காமல் போகலாம்.

ஒருவரைக் கட்டாயமாக வேலையில் இருக்கவைக்க இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக உத்தரவிடுவதில்லை. 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதற்கு நிறுவனம் இழப்பீடு கேட்கலாம். இதைச் சொல்லி மிரட்டுவதால் பயனில்லை. கையில் ரிலீவிங் லெட்டர் இல்லாமல் புதிய இடத்தில் பின்னணிச் சரிபார்ப்பைத் தாண்டுவது கடினம்.

மறுத்துவிட்டால்? ஜூலை கடைசிவரை இருக்கிறேன், அடுத்த மாதச் சம்பள ஓட்டத்தையும் முடித்துத் தருகிறேன் என்று இடைத் தேதியைக் கேட்கலாம். அதோடு புதிய நிறுவனத்திடம் இரண்டு வாரம் தள்ளிக் கேட்டால் இரு பக்கமும் ஓரளவு இறங்கிவர வாய்ப்புண்டு. விலகிய பிறகு பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியைப் பார்க்க வேண்டும். அது புதிய வேலையில் சேர்ந்த தேதிக்கு முந்தியதாக இல்லாவிட்டால் பணத்தை மாற்றும்போது சிக்கல் வரலாம்.