பண்டிகைக்கு முன் வந்த ஒரு கடிதம்

“தீபாவளி நெருங்குவதால் சூரத்திலிருந்து சேலைகள் வாங்க வேண்டியுள்ளது. எனது கேஷ் கிரெடிட் வரம்பைப் பத்து லட்சத்திலிருந்து பதினைந்து லட்சமாக உயர்த்தித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

மும்பைப் புறநகரில் சிறிய ஜவுளிக்கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் கிளைக்கு எழுதிய கடிதம் இது. கோரிக்கை நியாயமானதே. ஆனால் இதனை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் முடிவெடுக்க இயலவில்லை.

காரணம் எளியது. வரம்பு என்பது உச்ச அளவு மட்டுமே. அதற்குள் எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் கடையிலுள்ள சரக்கே தீர்மானிக்கிறது. இதனை ‘டிராயிங் பவர்’ என்கிறோம். அவரது கடைசி இருப்பு அறிக்கையின்படி சரக்கு 14 லட்சம் ரூபாய். அதில் 2 லட்சம் கடனுக்கு வாங்கியது. அதைக் கழித்தால் 12 லட்சம். இதில் 25 விழுக்காடு அவரது சொந்தப் பங்கு. எஞ்சிய 9 லட்சத்தையே அவர் எடுக்க முடியும், எடுத்தும்விட்டார். இந்நிலையில் வரம்பைப் பதினைந்தாக்கினாலும் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

அவரை அழைத்துப் பேசினோம். வாங்கவிருந்த சேலைகளின் மதிப்பு 8 லட்சம். அவை கடைக்கு வந்துவிட்டால் கணக்கு மாறும்: சரக்கு 22 லட்சம், கடன் சரக்கு போக 20 லட்சம், டிராயிங் பவர் 15 லட்சம். அதாவது வங்கி 6 லட்சம் தரலாம். 2 லட்சம் அவர் கையிலிருந்து வர வேண்டும். அந்த இரண்டு லட்சத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இன்னொன்றும் விடுபட்டிருந்தது. தீபாவளி முடிந்ததும் சரக்கு குறையும். டிராயிங் பவர் மீண்டும் 9 லட்சத்துக்கு இறங்கும். விற்பனைப் பணம் கணக்கிற்கு வராமல் வேறிடம் சென்றால், எடுத்த தொகை அனுமதித்த அளவுக்கு மேல் நிற்கும். அது தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் நீடித்தால் கணக்கு வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். பிறகு புதிய கடன் கிடைப்பதே அரிதாகிவிடும்.

எனவே நிரந்தர உயர்வுக்குப் பதிலாக, மூன்று மாதங்களுக்கு 5 லட்சம் தற்காலிகக் கூடுதல் வரம்பு கேட்கும்படி சொன்னோம். புதிய கடிதத்துடன் சூரத் வியாபாரியின் விலைப்பட்டியல், அண்மைய இருப்பு அறிக்கை, ஜி.எஸ்.டி. தாக்கல் நகல்கள், சென்ற ஆண்டின் தீபாவளி மாத விற்பனை ஆகியவை வந்தன. தமது 2 லட்சத்தைக் கணக்கில் செலுத்திவிட்டதையும், பண்டிகை விற்பனை முழுவதும் இதே கணக்கில் வரவாகும் என்பதையும் எழுதியிருந்தார். அனுமதி கிடைத்ததும் பணத்தை நேரடியாகச் சூரத் வியாபாரிக்கே அனுப்பினோம்.

முதல் கடிதம் கொள்முதலுக்கு இரண்டு மாதங்கள் முன்பே வந்ததால்தான் இத்தனைக்கும் அவகாசம் இருந்தது. சரக்கு வண்டி புறப்படும் வாரத்தில் வந்திருந்தால், அதே கோரிக்கைக்கு நாங்கள் மறுப்பே எழுத நேர்ந்திருக்கும்.