முதல் டைல்ஸை எங்கே வைப்பது?

புது வீட்டின் படுக்கையறையில் டைல்ஸ் வேலை நடக்கிறது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் கையாள்: கலவை போடுகிறார், பெட்டிகளை மாடிக்குத் தூக்குகிறார், கிரவுட் தேய்க்கிறார். இன்னொருவர் ஒட்டுகிறவர். கையாளுக்கு நாள் கூலி. ஒட்டுகிறவருக்குப் பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. ஒரே அறையில் ஒரே நேரம் உழைத்துவிட்டுப் போகும் இருவரின் வருமானத்தில், பல நாட்களில், இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது.

இந்த வித்தியாசம் கைவேகத்தால் மட்டும் வருவதில்லை. ஓராண்டு கூடவே இருந்த கையாளுக்குக் கலவையின் பதம் தெரியும், கிரைண்டர் பிடிக்கத் தெரியும், ரப்பர் சுத்தியால் தட்டி உட்கார வைக்கவும் தெரியும். முதல் டைல்ஸை எங்கே வைப்பது என்பது மட்டும் தெரியாது. மேஸ்திரி அதைக் காலையில், கையாள் மணல் சலித்துக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்துவிடுகிறார். சம்பளம் கூடுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

பூச்சு வேலையிலும் பெயின்டிங்கிலும் இப்படி மேலே வரும் வழி உண்டு. ஆனால் சுவரில் கலவையை அடித்து, மட்டப்பலகை இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து நேராக்குவதற்கு மணிக்கட்டு பழக நாளாகும். பெயின்டிங்கில் பட்டி பார்ப்பதும் உப்புத்தாள் போடுவதும் சீக்கிரம் கைவரும். அதனாலேயே போட்டி அதிகம். டைல்ஸ் வேலையின் பெரிய பகுதி அளவும் கணக்கும். பிழை எங்கே நடந்தது என்று உடனே கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள நினைக்கும் கையாளுக்கு அது பெரிய வசதி.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 அடி 3 அங்குலம், அகலம் 10 அடி 6 அங்குலம். ஏறக்குறைய 129 சதுர அடி. போடப்போவது 2 அடிக்கு 2 அடி விட்ரிஃபைட் டைல்ஸ், பெட்டிக்கு நான்கு. கணக்கு எளிதாக இருக்க, நடுவில் விடும் 2 மில்லிமீட்டர் சந்தை இங்கே சேர்க்கவில்லை.

புதிதாகக் கரண்டி பிடிப்பவர் ஒரு மூலையில் முழு டைல்ஸை வைத்து ஆரம்பித்துவிடுவார். நீளவாக்கில் ஆறு டைல்ஸ் முழுசாகப் போகும். எதிர்ச்சுவரை ஒட்டி 3 அங்குலத் துண்டு நிற்கும். அகலவாக்கில் ஐந்து முழுசு, பிறகு 6 அங்குலத் துண்டு. 3 அங்குலத் துண்டை வெட்டும்போதே பாதி உடையும். சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால், அந்தத் துண்டு ஒரு முனையில் 3 அங்குலமாகவும் மறுமுனையில் 2 அங்குலமாகவும் தெரியும். வாசலில் நிற்பவர் கண் நேராக அங்கேதான் போகும்.

அனுபவசாலி நடுவிலிருந்து கணக்குப் போடுவார். நீளவாக்கில் ஐந்து முழு டைல்ஸ் போதும்; மீதி 27 அங்குலத்தை இரண்டாகப் பிரித்தால் இருபக்கமும் பதின்மூன்றரை அங்குலம். அகலவாக்கில் நான்கு முழுசு. மீதி 30 அங்குலம், பக்கத்துக்கு 15. இப்போது அறை இருபுறமும் ஒரே மாதிரி இருக்கும். கோணல் சுவரும் அந்தப் பெரிய துண்டுகளுக்குள் மறைந்துபோகும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. வெட்டும் துண்டு ஒவ்வொன்றும் பாதி டைல்ஸை விடப் பெரியது. ஒரு டைல்ஸில் இரண்டு துண்டு எடுக்க முடியாது. ஆகவே ஏழுக்கு ஆறு, மொத்தம் 42 டைல்ஸ் வேண்டும். மூலையிலிருந்து ஆரம்பித்தால் 30 முழுசும், துண்டுகளுக்கு மூன்றும் என 33 போதும். ஒன்பது டைல்ஸ் வித்தியாசம் என்றால் வீட்டுக்காரர் முகம் சுருங்கத்தான் செய்யும்.

இங்கேதான் மேஸ்திரி அடுத்த கணக்கைப் போடுகிறார். சுவர் ஓரம் 4 அங்குல உயரத்துக்கு ஸ்கர்டிங் வேண்டும். வாசலைக் கழித்தால் சுமார் 42 அடி. அதாவது இரண்டடி நீளத்தில் 21 பட்டைகள். நடுவிலிருந்து போட்ட அறையில் வெட்டி மிஞ்சியவை 9 அங்குலம், பத்தரை அங்குல அகலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்கர்டிங் பட்டை வரும். மூலைகளை விட்டுவிட்டாலும் அப்படிப் பதினெட்டுத் துண்டு கிடைக்கிறது. ஸ்கர்டிங்குக்குத் தனியாக ஒரு டைல்ஸ்கூட வேண்டாம். மூலையிலிருந்து போட்டவருக்கோ ஸ்கர்டிங்குக்கு மேலும் நான்கு வேண்டும், மொத்தம் 37. கடையில் வாங்கும்போது ஒன்று 10 பெட்டி, மற்றது 11 பெட்டி. ஒரே ஒரு பெட்டிதான் அதிகம்.

கடைக்குப் போகும் முன்பே இதை வீட்டுக்காரரிடம் தாளில் எழுதிக் காட்டத் தெரிந்தவரை யாரும் கையாள் கூலிக்குக் கூப்பிடுவதில்லை.

கணக்கு முடிந்ததும் நூல். அறையின் நான்கு மூலையும் சரியான மூலைமட்டத்தில் இருப்பது அபூர்வம். ஆகவே சுவரை நம்பாமல் தரையிலேயே கோடு போடுகிறார்கள். ஒரு நூலில் 3 அடி, குறுக்கு நூலில் 4 அடி குறித்து, இரண்டு புள்ளிக்கும் இடையே அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். வராவிட்டால் நூலை நகர்த்தவேண்டும். பெரிய ஹாலில் இதையே 6, 8, 10 என்று பார்ப்பார்கள். டியூபில் தண்ணீர் விட்டு நான்கு சுவரிலும் மட்டம் குறித்துக்கொண்டால், கலவைப் படுகை எங்கே தடிமனாகும், எங்கே மெலியும் என்பதும் தெரிந்துவிடும்.

மட்டம் சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போகும் ஓர் இடம் உண்டு. அது டைல்ஸின் அடிப்பக்கம்.

பழைய செராமிக் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சும். ஊறவைத்து சிமென்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைட் டைல்ஸ் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. வெறும் சிமென்ட் பால் அதன் அடியில் சரியாகப் பற்றுவதில்லை. போதாக்குறைக்கு, பல டைல்ஸின் பின்புறம் சூளையில் ஒட்டிய வெள்ளைப் பொடி படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் கையில் வரும். ஈரத்துணியாலோ பிரஷாலோ அதைத் துடைக்காமல் ஒட்டினால், பசை பொடியைப் பிடித்துக்கொள்ளும், டைல்ஸைப் பிடிக்காது. துடைக்கும் வேலை கையாளுடையது. ஏன் துடைக்கச் சொல்கிறார்கள் என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை.

விட்ரிஃபைட் டைல்ஸுக்கு அட்ஹெசிவ்தான் பாதுகாப்பு. பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸை வைத்து அழுத்தி, முதல் இரண்டு மூன்றில் ஒன்றை உடனே பெயர்த்துப் பார்க்கவேண்டும். பின்புறம் முழுக்க அட்ஹெசிவ் படிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் திட்டாக இருந்தால், நான்கு மூலையும் காற்றில் நிற்கின்றன என்று பொருள். கட்டில் கால் அதன்மேல் ஏறும் நாளில் மூலை உடையும். மறுநாள் நாணயத்தால் தட்டிப் பார்த்தாலும் கண்டுபிடிக்கலாம்; பற்றிய இடத்தில் சத்தம் அடங்கி வரும், பற்றாத இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது காதுக்குத் தெரியும்.

சந்தே விடாமல் நெருக்கி ஒட்டச் சொல்லும் வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெயிலில் டைல்ஸ் விரியும். விரிய இடமில்லாதபோது ஒரு வரிசையே கூடாரம் போல எழும்பிவிடும். அப்போது பழி ஒட்டியவர் மேல்தான் விழும். ஆகவே 2 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைப்பேன் என்று உறுதியாகச் சொல்வதும் இந்தத் தொழிலில் அடக்கம்.

வருமானத்தைப் பார்ப்போம். ரேட் ஊருக்கு ஊர் மாறும். புரிந்துகொள்வதற்காகச் சதுர அடிக்கு 25 ரூபாய், ஸ்கர்டிங் அடிக்கு 15 ரூபாய், கையாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மேலே பார்த்த அறைக்கு 3,225 ரூபாயும் ஸ்கர்டிங்குக்கு 630 ரூபாயும் சேர்த்து 3,855 ரூபாய். ஒன்றரை நாளில் முடித்தால் கையாளுக்கு 1,050, பிளேடுக்கும் பெட்ரோலுக்கும் 300. மிச்சம் 2,505, நாளுக்கு 1,670 ரூபாய். ஆனால் இரண்டு டைல்ஸ் பெயர்ந்து ஒரு நாள் திரும்பப்போய் ஒட்டிக்கொடுத்தால், அதே பணம் இரண்டரை நாளுக்குப் பங்காகி ஆயிரத்துக்கு இறங்கிவிடும். வேலை இல்லாத நாட்கள் வேறு. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க, முதல் சில மாதங்கள் நாள் கூலியை முழுக்க விடாமல், சின்ன வேலைகளை மட்டும் சதுர அடிக்கு எடுப்பதே நல்லது.

எந்தச் சின்ன வேலை? ஸ்கர்டிங்தான் சரியான ஆரம்பம். அளவெடுக்கவும் வெட்டவும் மூலை சேர்க்கவும் அதிலே பழகலாம். தவறினால் நஷ்டம் ஒரு பட்டை. அடுத்து சமையலறை மேடைக்கு அடியில், ஸ்டோர் ரூமில். பிறகு பாத்ரூம் சுவர். பாத்ரூம் தரை அதற்கும் பிறகு; அங்கே மட்டம் போதாது, வாட்டமும் வேண்டும். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் போல ஜாலியை நோக்கிச் சரியவேண்டும். ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினால் உண்மை தெரிந்துவிடும். ஹால் கடைசியில். கிரைண்டரைத் தண்ணீர் விட்டே ஓட்டவேண்டும், முகக்கவசம் போடவேண்டும். காய்ந்த டைல்ஸை வெட்டும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும்.

இந்த ஏணியில் ஏறுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். பதினைந்து வருடம் சித்தாளாக இருக்கும் பெண் கலவை சுமக்கிறார். நேற்று வந்த பையன் இரண்டு வருடத்தில் கரண்டி பிடிக்கிறான். பெண்களால் முடியாது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தூய்மை இந்தியா திட்டத்தில் கழிப்பறை கட்ட ஆள் போதாதபோது ஜார்க்கண்டில் கிராமத்துப் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 'ராணி மிஸ்திரி' என்று அழைக்கப்பட்ட அவர்கள் ஆயிரக்கணக்கில் கழிப்பறைகளைக் கட்டி முடித்தார்கள். டைல்ஸ் வேலைக்கு வேண்டிய அளவும் கணக்கும் பொறுமையும் சித்தாள் பெண்களிடம் இருக்கின்றன. கரண்டியைக் கையில் கொடுக்க ஆள்தான் இல்லை.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994-லிருந்து இயங்குகிறது. 18 வயது முடிந்த தொழிலாளர் அதில் பதிவு செய்யலாம். பதிவு செய்தவர்களுக்குத் திறன் பயிற்சியும் உண்டு. பதிவு அட்டை இல்லாத கையாள் எந்தத் தளத்தில் இருந்தாலும், முதலில் அதை வாங்கித்தர மேஸ்திரிகள் உதவவேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஸ்டோர் ரூம் ஸ்கர்டிங்கைக் கையாளோ சித்தாளோ ஒட்டட்டும் என்று மேஸ்திரியிடம் நீங்களே சொல்லுங்கள். உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு இரண்டு பட்டை டைல்ஸ்.