ஒரு கதிரைக்கு எத்தனை காவலாளிகள்?

சில மாதங்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தின் வாசலில் தெரிந்த அண்ணா ஒருவரைக் கண்டேன். காலை எட்டு மணி இருக்கும். கண்கள் சிவந்திருந்தன. "நேற்றுக் காலமை வந்தனான் தம்பி. மற்றவர் வரேல்லை, நான் இன்னும் வீட்டை போகேல்லை" என்றார். இருபத்து நான்கு மணித்தியாலங்களாக அவர் அதே கதிரையில் இருக்கிறார். அந்த வாசலுக்கு மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டேன். "மூன்று பேர்" என்றார்.

ஒரு நாளில் 24 மணித்தியாலம், ஒரு கடமை 8 மணித்தியாலம், ஆகவே மூன்று பேர். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலுக்கு லீவு இல்லை, மனிதருக்கு இருக்கிறது. இந்த வித்தியாசத்தை யாரும் கணக்கில் எடுக்காததால்தான் அந்த அண்ணா வீட்டுக்குப் போகவில்லை.

கணக்கை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பார்ப்போம். முதலாவது, வாசலுக்கு என்ன தேவை. ஒரு நாளைக்கு 3 கடமைகள், வருடத்துக்கு 365 நாட்கள். மொத்தம் 1,095 கடமைகள். இதில் ஒன்றுகூட வெறுமையாக இருக்க முடியாது.

இரண்டாவது, ஒரு காவலாளியால் உண்மையில் எத்தனை நாட்கள் வர முடியும். 365 நாட்களில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் 52 நாட்கள் போய்விடும். மீதி 313. வருடாந்த விடுமுறை 14 நாட்கள், அவசரத் தேவைக்கான லீவு 7 நாட்கள் என்று வைத்தால் மீதி 292. இந்த லீவு எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்தவை. உங்கள் நியமனக் கடிதத்தில் உள்ளதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி 1,095 ஐ 292 ஆல் வகுத்தால் 3.75 வரும். ஒரு வாசலை வருடம் முழுவதும் காக்க, ஒருவரையும் கசக்காமல், மூன்றே முக்கால் பேர் வேண்டும். முக்கால் மனிதரை வேலைக்கு எடுக்க முடியாது. ஆகவே நான்கு பேர்.

நான்கு பேர் என்றால் வருடத்துக்கு 1,168 கடமைகள் கிடைக்கும். தேவைக்கு மேல் 73 கடமைகள் மிஞ்சும். இது வீண் செலவு அல்ல. ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் திடீரென்று வேலையை விட்டுப் போவார், புதியவருக்கு வேலை பழக்க வேண்டும். அதற்கெல்லாம் ஒவ்வொருவருக்கும் சராசரியாக 18 நாட்கள்தான் அது. போயா, பொது விடுமுறைகளில் வேலை செய்வதற்குப் பதில் லீவு கொடுக்கும் இடத்தில் இந்த மிச்சம் இன்னும் குறையும். அப்படிப் பத்து நாட்கள் கொடுத்தாலே 3.75 என்பது 3.88 ஆகிவிடும்.

மூன்று பேர் மட்டும் இருந்தால்? 876 கடமைகள்தான் கிடைக்கும். 219 குறையும். அதாவது ஐந்து நாட்களில் மூன்று நாட்கள் யாரோ ஒருவர் இரட்டைக் கடமை செய்தாக வேண்டும். ஒருவர் ஓய்வில் இருக்கும் நாளில் இன்னொருவரும் வராவிட்டால், மிச்சமிருப்பவருக்கு 24 மணித்தியாலம். அண்ணாவுக்கு நடந்தது இதுதான். சில இடங்களில் இரண்டு பேர் 12 மணித்தியாலப்படி நிற்கிறார்கள். அங்கே ஓய்வு நாளே இல்லாமல் ஒவ்வொருவரும் வாரத்துக்கு 84 மணித்தியாலம் நிற்க வேண்டும். ஒருவர் வராத ஒவ்வொரு நாளும் மற்றவருக்கு 24 மணித்தியாலம்.

வாசல்கள் கூடினால் கணக்கு இலகுவாகும். நான்கு வாசல் உள்ள இடத்துக்கு 3.75 ஐ நான்கால் பெருக்கினால் சரியாக 15 பேர். தினமும் 12 பேர் கடமையில் நிற்க, மற்ற மூவருக்குரிய இடம் ஓய்விலும் லீவிலும் உள்ளவர்களால் நிரம்பும். தனி வாசல் ஒன்றுக்குத்தான் அந்தக் கால் பங்கைக் கூட்டி நான்காக்க வேண்டியிருக்கிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அதை மூன்றாக வெட்டுகிறார்கள்.

உங்கள் இடத்தில் என்ன நடக்கிறது என்று அறிய, கையொப்பப் பதிவேட்டில் ஒரு மாதத்தைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு கடமைகளில் ஒரே பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுங்கள். ஒரு வாசலுக்கு மாதத்தில் ஒன்றிரண்டு என்றால் அது காய்ச்சல். பதினெட்டு அளவில் வந்தால் ஆள் போதாது.

இதை அண்ணாவுக்குச் சொன்னேன். சிரித்தார். "நாலாவது ஆளைப் போட்டால் எனக்கு டபிள் கிடைக்காது. டபிள் இல்லாமல் அந்தச் சம்பளத்தில பிள்ளையளைப் படிப்பிக்க ஏலாது" என்றார். நான் எழுதிய கணக்கில் ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். ஒரு கடமைக்குக் கிடைக்கும் காசு அதில் இல்லை. அதையும் சேர்க்காமல் நாலாவது ஆளை மட்டும் கேட்டால், முதலில் வேண்டாம் என்பவர் களைத்துப்போய் அந்தக் கதிரையில் இருப்பவராகத்தான் இருப்பார்.