எம்.சி.பி. இருந்தும் ஷாக் அடிப்பது ஏன்?

தோட்டத்துக் கொட்டகையில், மண்வெட்டியும் கொழுவும் தீட்ட ஒரு கிரைண்டர். தொட்டால் விரலில் 'சுர்'ரென்று இழுக்கிறது. "செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது" என்று வேலையைத் தொடர்கிறார் விவசாயி. அங்கே அவர் உயிருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் செருப்பு மட்டும்தான். அதே இடத்தில் ஈரத்தரையில் வெறுங்காலோடு ஒருவர் தொட்டால் உயிர் போய்விடலாம்.

மோட்டார் காயிலின் இன்சுலேஷன் கெட்டு, மின்சாரம் இரும்புக் கூட்டுக்கு வந்திருக்கிறது. 'எர்த் கொடுத்திருக்கிறதே, 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் இருக்கிறதே, அது ஏன் விழவில்லை?' என்ற கேள்வி எழும். கோடையில் எர்த் குழி காய்ந்து, அதன் தடை 40 ஓம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டை 40 ஆல் வகுத்தால், மண்ணுக்குள் போவது சுமார் 6 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு, அது விழாது. எம்.சி.பி. காப்பது ஒயரை, மனிதனை அல்ல.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மேற்சொன்ன கிரைண்டரில் 6 ஆம்பியர் கசிவதால், மெயினைப் போட்டதுமே விழுந்திருக்கும். மாதம் ஒருமுறை அதிலுள்ள 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். அது ஆர்.சி.சி.பி. வேலை செய்கிறதா என்று மட்டுமே காட்டும். எர்த் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டு நேரடியாக இணைப்பது பெரிய தவறு. எங்கோ கசிவு இருக்கிறது என்பதே அதன் பொருள். ஒரு கை பேஸையும் மறு கை நியூட்ரலையும் தொட்டால், ஆர்.சி.சி.பி.யாலும் காப்பாற்ற முடியாது.

அதனால்தான் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. தவறுதலாக நியூட்ரலில் சுவிட்ச் இணைத்திருந்தால், மோட்டார் நிற்கும். உள்ளே பேஸ் இருக்கும். பிளக் உள்ள கருவி என்றால் பிளக்கையே பிடுங்கி, கண்ணெதிரே வைத்துக்கொள்ள வேண்டும். நிரந்தரமாக இணைத்த இயந்திரம் என்றால் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் யாரும் தெரியாமல் மெயினைப் போட்டாலும் ஆபத்து வராது.

பிறகு டெஸ்டரை எடுத்து, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த வேறு இடத்தில் வைத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, பழுதான இயந்திரத்தின் ஒவ்வொரு முனையிலும் வைக்க வேண்டும். கடைசியாக, பழைய இடத்திலேயே மீண்டும் ஒருமுறை. நடுவில் டெஸ்டரே கெட்டிருந்தால், இந்த மூன்றாவது சோதனைதான் காட்டிக்கொடுக்கும். அது முடிந்த பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும்.