மாட்டுக்கு தோல் கழலை நோய்: கட்டிக்கு மருந்து தேடும் முன் ஈயை ஏன் விரட்டணும்?

காலையில் பால் கறக்கப் போனால் மாடு தீவனத்தைத் தொடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிகிறது, உடம்பு கொதிக்கிறது. ஓரிரு நாளில் கழுத்து, முதுகு, கால், மடி என எங்கு தொட்டாலும் கட்டி கட்டியாகத் தட்டுப்படுகிறது. தோல் கழலை நோய் பெரும்பாலும் இப்படித்தான் தெரிய வருகிறது. பல ஊர்களில் இதை அம்மை என்றே சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் தப்பில்லை. ஆட்டம்மை வைரஸின் நெருங்கிய உறவுதான் இந்த வைரஸ்.

1929-ல் ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் முதன்முதலாகப் பதிவான நோய், 2019-ல் ஒடிசா வழியாக இந்தியாவில் கண்டறியப்பட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பெரிய அளவில் பரவி ஏராளமான மாடுகளைக் கொன்றது. மனிதர்களுக்கு இது தொற்றாது.

தடிப்பா, கழலையா?

பூச்சிக்கடி, ஒவ்வாமையாலும் மாட்டுக்குத் தடிப்பு வரும். ஆனால் அது திடீரென வந்து ஓரிரு நாளில் அமுங்கிவிடும். கழலை அப்படியல்ல. 2 முதல் 5 செ.மீ. அளவில், உருண்டையாக, கெட்டியாக, தோலின் முழு ஆழத்துக்கும் இறங்கியிருக்கும். காய்ச்சல் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். தோள்பட்டைக்கு முன்னால் நெறி கட்டியிருப்பதும் கைக்குத் தெரியும். நாளாக ஆக கட்டியின் நடுப்பகுதி செத்து, காய்ந்து, பெயர்ந்து புண்ணாகும்.

வைரஸ் அதிகம் குவிந்திருப்பது இந்தக் கட்டிகளில்தான். ஈ விவகாரம் இங்கேதான் தொடங்குகிறது.

கொசு, உண்ணியோடு சேர்த்து, ரத்தம் குடிக்கும் கடி ஈயும் இந்த நோயைக் கடத்துகிறது. பார்க்க வீட்டு ஈ மாதிரியே இருக்கும். ஆனால் வாயில் ஊசி போல ஒரு குழல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் காலில்தான் கடிக்கும். மாடு ஓயாமல் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் கொட்டகையில் இந்த ஈ இருக்கிறது என்று அர்த்தம். கடி வலிப்பதால் மாடு உதறும். பாதி வயிறோடு பறக்கும் ஈ, அடுத்த மாட்டில் உட்கார்ந்து மீதியைக் குடிக்கும். முதல் மாட்டின் வைரஸ் அந்த ஊசிவாயிலேயே ஒட்டிக்கொண்டு போகும்.

நாலு மாட்டில் ஒன்றுக்கு வந்தால்?

கட்டி தெரிந்த அன்றே அந்த மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் கட்டினால் போதாது, ஈக்குச் சுவர் ஒரு தடையல்ல. முடிந்தவரை தூரமாக, கொசுவலை போட்ட இடமாக இருந்தால் நல்லது. நல்ல மாடுகளைக் கவனித்து, பால் கறந்து முடித்த பிறகே நோய் மாட்டிடம் போகணும். ஊசி போட்டால் மாட்டுக்கு ஒரு ஊசி. ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போடுவது ஈ செய்யும் அதே வேலைதான்.

அடுத்தது குப்பை. கடி ஈ முட்டையிடுவது சாணமும் மூத்திரமும் சிந்திய வைக்கோலும் கலந்து ஊறிக் கிடக்கும் இடத்தில். முட்டை ஈயாக மாற இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் அள்ளி மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயவிட்டால் புழு செத்துவிடும். தொட்டியடி, கொட்டகை மூலை இரண்டும் அடிக்கடி விட்டுப்போகும் இடங்கள். வேப்பிலை, நொச்சிப் புகை ஈயை விரட்டும், ஆனால் புகை இருக்கும் வரைதான். மாட்டின் மேல் தெளிக்கும் ஈ மருந்தை கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்தணும்.

கட்டிக்கு என்ன மருந்து?

வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. காய்ச்சலைக் குறைக்கவும், புண்ணில் வேறு கிருமி சேராமல் தடுக்கவும்தான் சிகிச்சை. கட்டியைக் கீறவோ பிதுக்கவோ கூடாது. உடைந்த புண்ணுக்கு குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம் அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துத் தடவும் முறை பரவலாகச் சொல்லப்படுகிறது. புண்ணில் புழு வைத்திருந்தால் சீத்தாப்பழ இலையை அரைத்துப் பூசச் சொல்கிறார்கள். உதிரும் பொருக்கிலும் வைரஸ் ஒரு மாதத்துக்கு மேல் உயிரோடு இருக்கும் என்பதால் அதைக் கூட்டி எரித்துவிடணும்.

மடியில் கட்டி இருந்தால் கன்றை ஊட்டவிடாமல், காய்ச்சி ஆறிய பாலைப் புகட்டலாம். கன்றுகளுக்கு இந்த நோய் கடுமையாக இருக்கும்.

தடுப்பூசி நோயில்லாத மாட்டுக்குத்தான். எதிர்ப்பு சக்தி உருவாக சுமார் மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஈ முந்திக்கொண்டாலோ, ஏற்கெனவே தொற்று உள்ளே இருந்தாலோ, ஊசிக்குப் பிறகும் கட்டி வரலாம். ‘ஊசி போட்டுத்தான் வந்தது’ என்ற பேச்சு பெரும்பாலும் இப்படிக் கிளம்புவதுதான். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்க 1962 என்ற இலவச எண் இருக்கிறது.