கதவு திறந்த பிறகும்

1960-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து டெல்டா பகுதியில், பருத்திக்காட்டுக் கூலி வேலைக்குப் போகும் கறுப்பினப் பெண்கள் பலருக்கும் பிரசவம் பார்த்தவர் ஊர் மருத்துவச்சிதான். பிரசவம் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். அதன் பிறகுதான் ஆபத்து. குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆகும்போது வயிற்றுப்போக்கு வரும். அந்தச் சின்ன உடம்பிலிருக்கும் தண்ணீர் சில மணி நேரத்தில் வற்றிவிடும். உச்சிக்குழி பள்ளமாகும். அழுதால் கண்ணீர் வராது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். நரம்பு வழியே உப்பு நீர் ஏற்றினால் பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் தேறிவிடும். அந்த உப்பு நீர் பக்கத்து நகரத்து மருத்துவமனையில்தான் இருந்தது. அங்கே கறுப்பினத்தவருக்கு இடமில்லை. இடம் இருந்தாலும் பின்கட்டில் தனி வார்டு, அதிலும் சில படுக்கைகள்தான்.

மருத்துவமனை கட்ட மத்திய அரசு பணம் கொடுத்த 1946-ஆம் ஆண்டுச் சட்டமே இந்தப் பிரிவினையை அனுமதித்தது. 1964-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டம், அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் நிறம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்றது. சட்டம் வந்ததும் மருத்துவமனைகள் மனம் மாறிவிடவில்லை. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. வார்டுகளை ஒன்றாக்கினால் பணம் வரும், இல்லாவிட்டால் ஒரு டாலரும் வராது. சில வட்டாரங்களின் மருத்துவமனைகள் உடனே இறங்கி வந்தன, சில இழுத்தடித்தன. அந்த இழுத்தடிப்பு பின்னாளில் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போனது. டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் என்ற மூன்று பொருளியலாளர்கள், எந்த வட்டாரத்தில் எப்போது கதவு திறந்தது, அங்கே குழந்தை மரணம் எப்போது குறைந்தது என்று ஒப்பிட்டார்கள். ஒரு மாதத்தைத் தாண்டிய கறுப்பினக் குழந்தைகளின் மரணம், முக்கியமாக வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் நேர்ந்த மரணம், கதவு திறந்த கையோடு சரிந்திருந்தது. தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிழைத்தன.

அதுவரை அந்த மரணங்களுக்குக் கறுப்பினத்தவரின் உடல்வாகு, அவர்களின் வளர்ப்பு என்றெல்லாம் பலர் காரணம் சொல்லி வந்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் யாருடைய மரபணுவும் மாறியிருக்க முடியாது. ஆல்மண்டும் சேயும் அதோடு நிற்காமல் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் பிறந்த கறுப்பினப் பெண் குழந்தைகள் வளர்ந்து தாயானபோது, சில ஆண்டுகள் முன்னால் பிறந்த பெண்களைவிட நல்ல உடல்நிலையில் குழந்தை பெற்றார்கள். தாய் கைக்குழந்தையாக இருந்தபோது கிடைத்த கவனிப்பு, அவள் பெற்ற குழந்தையின் எடையில் தெரிந்தது.

இன்று கறுப்பினக் குழந்தைகளை வயிற்றுப்போக்கு கொண்டுபோவதில்லை. ஆனால் இடைவெளி மறையவில்லை, இடம் மாறிக்கொண்டது. 2022-இல் அமெரிக்காவில் ஆயிரம் கறுப்பினக் குழந்தைகளில் 10.9 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், வெள்ளையினத்தில் 4.5 பேர். இந்த இடைவெளியில் பெரும்பங்கு குறைமாதப் பிரசவமும் அதனால் வரும் எடைக்குறைவும்தான். தாய்மார்கள் கதை இன்னும் மோசம். 2023-இல் ஒரு லட்சம் பிரசவங்களுக்குக் கறுப்பினத்தில் 50.3 தாய்மார்களும் வெள்ளையினத்தில் 14.5 தாய்மார்களும் இறந்தார்கள்.

வறுமைதான் காரணம் என்று உடனே தோன்றும். பாதிதான் சரி. 1992-இல் வந்த ஓர் ஆய்வு, தாயும் தந்தையும் கல்லூரிப் படிப்பு முடித்த குடும்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தது. அங்கேயும் கறுப்பினக் குழந்தைகளின் மரணம் ஆயிரத்துக்கு 10.2, வெள்ளையினத்தில் 5.4. அதே ஆய்வில், சரியான எடையோடு பிறந்த குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டபோது வித்தியாசம் காணாமல் போனது. அப்படியென்றால் படித்த, வசதியுள்ள கறுப்பினப் பெண்ணுக்கும் குழந்தை ஏன் எடை குறைவாகப் பிறக்கிறது என்பதே கேள்வி.

‘மரபணு’ என்று சொல்லிவிடுவது இங்கே சுலபம். சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் 1997-இல் அதைச் சோதித்தார்கள். இலினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை எடுத்து, தாய்மார்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினத் தாய்மார்களின் குழந்தைகள் சராசரி 3,446 கிராம். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள் 3,089 கிராம். மூன்றாவது கூட்டம் ஆப்பிரிக்காவில் பிறந்து, அமெரிக்காவுக்கு வந்து குழந்தை பெற்றவர்கள். அடிமைக் காலத்திலிருந்து கலப்பு நேர்ந்ததால் அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் ஐரோப்பிய மரபும் கணிசமாக உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து நேரே வந்தவர்களிடம் அது கிட்டத்தட்ட இல்லை. எடைக்குறைவு ஆப்பிரிக்க மரபணுவால் வருவதானால், இவர்களுடைய குழந்தைகள்தான் எல்லோரையும்விட எடை குறைவாகப் பிறக்க வேண்டும். அவை 3,333 கிராம் இருந்தன. வெள்ளையினத்துக்குப் பக்கத்தில்.

கடல் தாண்டிக் குடியேறுபவர்கள் பொதுவாக ஆரோக்கியமானவர்கள், படித்தவர்கள், அதனால்தான் இப்படி என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்பு. அதற்குப் பதில் 2002-இல் வந்தது. அந்தக் குடியேறிகளின் மகள்கள் அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து குழந்தை பெற்றபோது என்ன ஆனது என்று அதே குழு பார்த்தது. ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளையினக் குடும்பங்களில் பேரக்குழந்தைகளின் எடை கூடியிருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினக் குடும்பங்களில் குறைந்திருந்தது. ஒரே தலைமுறை அமெரிக்க வாழ்க்கை அதைச் செய்துவிட்டது.

அந்த வாழ்க்கை உடம்புக்குள் எப்படிப் புகுகிறது? மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுவது தெரிந்ததுதான். மூளையில் கார்டிசால் கூடினால், ‘போதும், நிறுத்து’ என்று அதுவே அழுத்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். நஞ்சுக்கொடி இதற்கு நேர்மாறு. அங்கே கார்டிசால் கூடக் கூட, பிரசவத்துக்கு நேரம் குறிக்கும் இன்னொரு ஹார்மோனின் சுரப்பும் கூடிக்கொண்டே போகும். வாழ்நாள் முழுவதும் சேர்ந்த அழுத்தம் ரத்தக் குழாய்களையும் இறுக்கி, இளவயதிலேயே ரத்தக் கொதிப்பைக் கொண்டுவரலாம். இளவயதில் உடம்பு இப்படித் தேய்ந்துபோவதைத்தான் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992 முதல் எழுதி வந்தார்.

இதற்குச் சோதனைச்சாலைச் சான்று தர முடியாது. யாரையும் வேண்டுமென்றே அவமானத்துக்குள் தள்ளி ஆய்வு செய்ய முடியாதல்லவா. ஆனால் நாட்டு நடப்பே சில நேரம் அந்தச் சோதனையைச் செய்துவிடுகிறது. 2008 மே மாதம் ஐயோவா மாநிலத்தின் போஸ்ட்வில் என்ற சிற்றூரில் ஓர் இறைச்சி ஆலைக்குள் குடியேற்றத் துறை அதிகாரிகள் புகுந்து 389 பேரைப் பிடித்துப் போனார்கள். அடுத்த 37 வாரங்களில் அந்த மாநிலம் முழுவதும் லத்தீன் அமெரிக்கத் தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 24 சதவீதம் கூடியது. அமெரிக்காவிலேயே பிறந்து, நாடு கடத்தப்படும் பயமே தேவையில்லாத பெண்களுக்கும் கூடியது. வெள்ளையினத் தாய்மார்களுக்கு மாறவில்லை.

அரிவாளணு ரத்தசோகை போன்ற சில நோய்களுக்கு மரபணு நேரடிக் காரணம், கர்ப்ப காலத்தில் அவை ஆபத்தும் கூட. மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த இடைவெளியின் அளவுக்கு அவை ஈடாகா. எதிர்ப்பக்கத்து ஆர்வக்கோளாறையும் சொல்ல வேண்டும். கறுப்பின மருத்துவர் பார்த்தால் கறுப்பினக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2020-இல் புளோரிடா பதிவுகளை வைத்து வந்த ஆய்வு உலகெங்கும் பேசப்பட்டது. மிகக் குறைந்த எடையோடு பிறந்த குழந்தைகளை வேறுவிதமாகக் கணக்கில் எடுத்து 2024-இல் மறுபடி பார்த்தபோது அந்த விளைவு பெரும்பாலும் கரைந்துவிட்டது.

கவனிப்பின் தரம் பற்றிய சான்று அதைவிட உறுதியானது. நியூயார்க் நகரத்துப் பிரசவங்களை எலிசபெத் ஹாவெல் குழு ஆராய்ந்தபோது, கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்கள் போகும் அதே மருத்துவமனைகளில் பிரசவித்தால், உயிருக்கு ஆபத்தான சிக்கல்களில் இருக்கும் இடைவெளி கிட்டத்தட்டப் பாதி குறைந்துவிடும் என்று தெரிந்தது. மீதியில் ஒரு பகுதி ஒரே கூரையின் கீழேயே நடப்பது. டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-இல் சிசேரியன் முடிந்த மறுநாள் மூச்சுத்திணறலை உணர்ந்தார். முன்பே நுரையீரலில் ரத்தக் கட்டி வந்தவர், அறிகுறி அவருக்கு அத்துபடி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுங்கள் என்று செவிலியரிடம் கேட்டார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று செவிலியர் நினைத்தார். வந்த மருத்துவர் முதலில் காலில் அல்ட்ராசவுண்ட் பார்த்தார். பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள், நுரையீரலில் கட்டிகள் இருந்தன. பணமும் புகழும் இருந்தவருக்கே இவ்வளவு நேரம் ஆனது.

ஒரு தாய் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்பதை ஆளுக்கு ஆள் விடாமல் இருக்க முடியுமா? கலிபோர்னியா செய்து பார்த்தது. பிரசவ ரத்தப்போக்கை முன்பெல்லாம் கண்ணால் பார்த்துத்தான் மதிப்பிடுவார்கள், அதுவும் குறைத்தே மதிப்பிடுவார்கள். அங்கே கூட்டாகச் சேர்ந்த மருத்துவமனைகளில் நனைந்த துணிகளையும் பஞ்சுகளையும் தராசில் வைத்தார்கள். காய்ந்த எடையைக் கழித்துவிட்டு, ஒரு கிராமுக்கு ஒரு மில்லி என்று கணக்கு. மருந்து, தையல் ஊசி, கருப்பைக்குள் வைத்து ஊதும் பலூன் எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் தயாராக இருக்கும். இவ்வளவு மில்லி தாண்டினால் இவரைக் கூப்பிடு, 1,500 தாண்டினால் ரத்த வங்கிக்கு அவசர உத்தரவு என்று படிப்படியாக எழுதி ஒட்டினார்கள். செவிலியரே படியை உயர்த்தலாம், யாருடைய அபிப்பிராயத்துக்கும் காத்திருக்க வேண்டாம். ரத்தப்போக்கு ஏற்பட்ட கறுப்பினத் தாய்மார்களில் கடும் சிக்கலுக்கு உள்ளானவர்கள் 28.6 சதவீதத்திலிருந்து 19.8 ஆகக் குறைந்தார்கள். வெள்ளையினத்தில் 19.8-லிருந்து 13.3. இரண்டு 19.8-ஐயும் கவனியுங்கள். இவ்வளவு முயற்சிக்குப் பிறகு கறுப்பினத் தாய்மார்கள் வந்து சேர்ந்த இடம், வெள்ளையினத் தாய்மார்கள் முயற்சி தொடங்கும் முன்பே நின்ற இடம்.

இதெல்லாம் பிரசவ வார்டு இருக்கும் ஊருக்கு. டெல்டாவில் இருந்த ஒரே பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, கிரீன்வில் நகரில், 2022-இல் மூடப்பட்டது. அங்கே இன்று 28 வாரத்தில் ஒரு குழந்தை பிறந்தால் சுமார் இரண்டு மணி நேரம் ஆம்புலன்ஸில் தலைநகர் ஜாக்சனுக்குப் போக வேண்டும். பிரசவத்துக்குப் பின் 60 நாளில் முடிந்துவந்த ஏழைத் தாய்மார்களின் மருத்துவக் காப்பீட்டை மிசிசிப்பி 2023-இல்தான் 12 மாதமாக நீட்டியது. 2024-இல் குழந்தை மரணம் ஆயிரத்துக்கு 9.7 ஆனதும், 2025 ஆகஸ்டில் மாநிலச் சுகாதாரத் துறை பொதுச் சுகாதார அவசர நிலை அறிவித்தது. பிரசவ வசதி இல்லாத வட்டாரங்களுக்கு வழி செய்வதும், சிக்கலான கர்ப்பிணியை எந்த மருத்துவமனைக்கு எப்போது மாற்றுவது என்று ஒழுங்குபடுத்துவதும் அதன் திட்டத்தில் இருக்கின்றன. 1966-இல் கதவைத் திறக்க வைத்தது மத்திய அரசின் பணம். இன்று வார்டுகளை மூடும் கிராமப்புற மருத்துவமனைகள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் பணம்தான்.