ஆறடிப் பெற்றோரின் பிள்ளைகள்

புள்ளியியல் பாடநூலில் ரெக்ரஷன் அத்தியாயத்தைத் திறந்தால் முதலில் எடுகோள்களின் பட்டியல் வரும், அடுத்து கெழுக்களுக்கான விளக்கம், கடைசியில் 'தவிர்க்க வேண்டிய பிழைகள்' என்று அரைப் பக்கம். மாணவர்கள் மூன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்கிறார்கள். 1886இல் லண்டனில் பிரான்சிஸ் கால்டன் வெளியிட்ட ஓர் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த மூன்றும் ஒரே விஷயம்தான் என்று தெரிந்துவிடும்.

பெற்றோரின் உயரத்துக்கும் வளர்ந்த பிள்ளைகளின் உயரத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் கால்டனின் கேள்வி. குடும்ப விவரங்களை எழுதி அனுப்புவோருக்குப் பரிசு தருவதாக அறிவித்துத் தகவல் திரட்டினார். 205 பெற்றோர் இணைகள், அவர்களின் 928 பிள்ளைகள். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். பிறகு தாய், தந்தை உயரங்களின் சராசரியை எடுத்து அதைப் 'பெற்றோர் உயரம்' என்று ஒரே எண்ணாக வைத்துக்கொண்டார்.

அந்த அட்டவணையை இன்று கணினியில் போட்டால் கிடைக்கும் கோடு இது. எல்லாம் அங்குலத்தில்:

```
பிள்ளை = 23.94 + 0.646 × பெற்றோர்
```

0.646 என்பது சாய்வுக் கெழு. இரண்டு பெற்றோர் இணைகளை எடுத்துக்கொள்வோம். ஓர் இணையின் உயரம் மற்றதைவிட ஓர் அங்குலம் கூடுதல். அப்படியானால் அவர்களின் பிள்ளைகளுடைய சராசரி உயரம் ஏறக்குறைய முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, 0.65 அங்குலம் கூடுதலாக இருக்கும். இந்த வாக்கியத்தில் 'சராசரி' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. இரு வேறு குடும்பங்களை ஒப்பிடுகிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே பெற்றோரை ஓர் அங்குலம் இழுத்து நீட்டினால் என்ன ஆகும் என்று இந்தக் கெழு சொல்லவில்லை. உயரமான பெற்றோரின் வீட்டில் உணவும் வசதியும் கூடுதலாக இருந்திருந்தால் அதன் விளைவும் இந்த 0.646க்குள் கலந்தே இருக்கும்.

23.94 என்ற வெட்டுத்துண்டுக்கு என்ன பொருள்? பெற்றோரின் உயரம் சுழியம் என்றால் பிள்ளையின் உயரம் 24 அங்குலம்! அப்படி யாரும் இல்லை. கோட்டைச் சரியான உயரத்தில் நிறுத்த அந்த எண் தேவை, அவ்வளவுதான். பெற்றோரின் உயரத்திலிருந்து அவர்களின் சராசரியான 68.3ஐக் கழித்துவிட்டுக் கணக்கிட்டால் வெட்டுத்துண்டு 68.1 ஆகிவிடும். அது சராசரிப் பெற்றோரின் பிள்ளைகளுடைய சராசரி உயரம் என்பதால் படிக்கவும் முடிகிறது. சாய்வு மாறாது.

பெற்றோர் உயரம் ஆறடி, அதாவது 72 அங்குலம் என்றால் கோடு தருவது 70.45. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சாய்வின் திட்டப் பிழை 0.04 மட்டுமே என்பதைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் உயரத்தையும் அதே துல்லியத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் தனித்தனிப் பிள்ளைகள் கோட்டிலிருந்து விலகி நிற்கும் அளவு, அதாவது எச்சத்தின் திட்ட விலக்கம், 2.24 அங்குலம். எனவே ஆறடிப் பெற்றோரின் ஒரு குறிப்பிட்ட பிள்ளை 66 அங்குலத்திலும் இருக்கலாம், 75ஐ நெருங்கியும் இருக்கலாம். பிள்ளைகளின் உயர வேறுபாட்டில் 21 விழுக்காட்டை மட்டுமே இந்தக் கோடு விளக்குகிறது. கோடு எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும். ஒரு பிள்ளை எங்கே நிற்கும் என்பது தெரியாது.

இப்போது எடுகோள்களுக்கு வருவோம். உறவு நேர்கோட்டில் இருக்க வேண்டும் என்பது முதலாவது. கால்டனின் அட்டவணையில் ஒவ்வொரு உயரப் பிரிவிலும் பிள்ளைகளின் சராசரியைக் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் விழுகின்றன. எல்லாப் பிரிவிலும் சிதறல் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பது அடுத்தது. அதுவும் இங்கே பெருமளவு பொருந்துகிறது. எச்சங்களை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டையும் கண்ணாலேயே சோதிக்கலாம். வளைவு தெரிந்தால் முதலாவதில் சிக்கல். ஒரு பக்கம் குறுகி மறுபக்கம் விரிந்தால் இரண்டாவதில் சிக்கல். இயல்நிலைப் பரவல் வேண்டும் என்பதைத்தான் மாணவர்கள் முதலில் ஒப்பிப்பார்கள். அது எச்சங்களுக்கான நிபந்தனை, பெற்றோரின் உயரத்துக்கானது அல்ல. என் மதிப்பீட்டில் இந்தப் பட்டியலிலேயே குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் அதுதான்.

அதிகம் கவலைப்பட வேண்டியது சார்பின்மை. கால்டனின் தரவு தோற்கும் இடமும் அதுவே. 928 பிள்ளைகள் 205 வீடுகளில் இருந்து வந்தவர்கள். ஒரு வீட்டில் மூத்தவர் கோட்டுக்கு மேலே இருந்தால் இளையவரும் மேலே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே 928 தனித் தகவல்கள் நம்மிடம் இல்லை. கணினி அதை அறியாமல் 928 என்றே எண்ணுவதால் 0.04 என்ற திட்டப் பிழை நம்பத்தக்க அளவைவிடச் சிறியதாக வருகிறது. எச்சங்களைக் குடும்ப வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரே வீட்டார் ஒரே பக்கம் சாய்வது தெரியும். அப்போது திட்டப் பிழையைக் குடும்பத்தை அலகாக வைத்துக் கணக்கிட வேண்டும். பல பள்ளிகளின் மாணவர்கள், பல கிராமங்களின் வீடுகள் என்று தொகுதியாகத் திரட்டிய எந்தத் தரவிலும் இதே பிரச்சினை காத்திருக்கிறது.

பிழைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஆறடிப் பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் குட்டை. குட்டையான பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிட உயரம். அப்படியானால் தலைமுறை தோறும் எல்லோரும் ஒரே உயரத்தை நோக்கிப் போகிறார்களா? கோட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். பிள்ளையின் உயரத்திலிருந்து பெற்றோரின் உயரத்தைக் கணித்தால் சாய்வு 0.33தான். முதல் கோட்டைத் தலைகீழாக்கினால் வரும் 1.55 அல்ல. ஆறடிப் பிள்ளைகளுடைய பெற்றோரின் சராசரி உயரம் 69.6 அங்குலம். அவர்களும் பிள்ளைகளைவிடக் குட்டை! எந்தப் பக்கத்திலிருந்து உச்சத்தில் இருப்பவர்களைத் தேர்ந்தெடுத்தாலும் மறுபக்கம் நடுவை நோக்கி நகர்ந்ததாகவே தெரியும். இரண்டு அளவுகளுக்கும் இடையிலான தொடர்பு முழுமையாக இல்லாததன் விளைவு அது.

இதைக் கவனிக்காமல் ஒருவர் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொரேஸ் செக்ரிஸ்ட், நிறுவனங்களை ஒரு தொடக்க ஆண்டின் செயல்பாட்டை வைத்துப் பிரிவுகளாக்கி, ஆண்டுக்கு ஆண்டு அவை சராசரியை நெருங்குவதைக் காட்டினார். போட்டி எல்லோரையும் நடுத்தரமாக்குகிறது என்று 1933இல் முடிவு கட்டினார். அதே ஆண்டில் அந்த நூலுக்கு மதிப்புரை எழுதினார் ஹெரால்டு ஹோட்டலிங். அதே நிறுவனங்களைக் கடைசி ஆண்டை வைத்துப் பிரித்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சென்றதாகத் தெரியும் என்று சுட்டிக்காட்டினார்.